வெர்னியர் அளவியைப் பிழையின்றிப் படிப்பது எப்படி?

வெர்னியர் அளவியில் இரண்டு அளவுகோல்கள் உண்டு. ஒன்று அசையாமல் நிற்கும். மற்றது அதன்மேல் வழுக்கிச் செல்லும். நிற்பது முதன்மைக்கோல். சாதாரண ஸ்கேலில் உள்ளதைப் போலவே அதில் மில்லிமீட்டர் கோடுகள் பொறிக்கப்பட்டிருக்கும். நகர்வது வெர்னியர் கோல். முதன்மைக்கோலின் முனையில் ஒரு தாடை நிலையாக இருக்க, வெர்னியர் கோலோடு சேர்ந்து இன்னொரு தாடை நகரும். இரண்டு தாடைகளுக்கும் இடையில் பொருளைப் பிடித்தால், வெர்னியர் கோலின் சுழிக்கோடு முதன்மைக்கோலில் எங்கே நிற்கிறதோ அதுதான் பொருளின் அளவு. அந்தச் சுழிக்கோடு பெரும்பாலும் இரண்டு மில்லிமீட்டர் கோடுகளுக்கு நடுவில் எங்கோ நிற்கும். 15 தாண்டிவிட்டது, 16 இன்னும் வரவில்லை என்று கண்ணுக்குத் தெரியும். எவ்வளவு தாண்டியிருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வெர்னியர் கோலில் மற்ற கோடுகள் இருக்கின்றன.

இதில் பயன்படுவது மனிதக் கண்ணின் ஒரு தனித் திறன். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைப் பத்தாகப் பிரித்து, அதில் எத்தனையாவது பங்கு என்று சொல்லச் சொன்னால் கண் தடுமாறும். ஆனால் மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு கோடுகள் ஒரே நேராக இருக்கின்றனவா, இம்மியளவு விலகியிருக்கின்றனவா என்று கேட்டால் அதே கண் மிக நுணுக்கமாகத் தீர்ப்புச் சொல்லும். பிரான்ஷ் கோந்தே பகுதியில் ஓர்னான் ஊரில் பிறந்த பியர் வெர்னியர் 1631-ல் பிரஸ்ஸல்ஸில் வெளியிட்ட நூலில் விளக்கியது இந்த நகரும் கோலைத்தான். அவர் அதைக் கோணம் அளக்கும் கருவிக்காகச் செய்தார். பட்டறையில் உலோகத் துண்டுகளை அளக்கும் கருவியாக அது பரவியது இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகுதான். அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் ஜோசப் பிரவுன் 1851-ல் செய்த அளவி அந்த வகையில் முன்னோடி.

வெர்னியர் கோல் வேலை செய்யும் விதத்தைப் பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் எளிய அளவியைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். அதில் 9 மில்லிமீட்டர் நீளத்தைப் பத்துச் சம பிரிவுகளாக வகுத்து வெர்னியர் கோல் செய்திருப்பார்கள். ஆகவே வெர்னியரின் ஒவ்வொரு பிரிவும் 0.9 மி.மீ. முதன்மைக்கோலின் பிரிவைவிட அது 0.1 மி.மீ. குட்டை. தாடைகள் மூடியிருக்கும்போது சுழியும் சுழியும் சேர்ந்திருக்கும். வெர்னியரின் முதல் கோடு முதன்மைக்கோலின் முதல் கோட்டுக்கு 0.1 மி.மீ. பின்தங்கி நிற்கும், இரண்டாவது கோடு 0.2 மி.மீ. பின்தங்கும்; மூன்றாவது 0.3. இப்போது நகரும் தாடையை 0.1 மி.மீ. திறந்தால், பின்தங்கியிருந்த முதல் கோடு அதன் இணையோடு போய்ச் சேர்ந்துவிடும். 0.3 மி.மீ. திறந்தால் மூன்றாவது கோடு சேரும். எத்தனையாவது கோடு சேர்கிறதோ, சுழிக்கோடு கடைசி மில்லிமீட்டரைத் தாண்டி அத்தனை பத்தில் ஒரு பங்கு போயிருக்கிறது என்று பொருள். முழுதாக 1 மி.மீ. நகர்ந்ததும் சுழிக்கோடே அடுத்த மில்லிமீட்டர் கோட்டில் போய் நிற்கும். கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

சேரும் கோடு ஒன்று மாறினால் அளவு எவ்வளவு மாறுகிறதோ அதுவே அளவியின் மீச்சிற்றளவு. பட்டறையில் லீஸ்ட் கவுண்ட் என்பார்கள். முதன்மைக்கோலின் மிகச் சிறிய பிரிவை வெர்னியரிலுள்ள மொத்தப் பிரிவுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் அது கிடைக்கும். பள்ளி அளவியில் 1 ÷ 10 = 0.1 மி.மீ. பட்டறையில் பெரும்பாலும் புழங்குவதில் 49 மில்லிமீட்டரை ஐம்பதாகப் பிரித்திருப்பார்கள்; அதில் 1 ÷ 50 = 0.02 மி.மீ. இருபது பிரிவு கொண்டதில் 0.05 மி.மீ.

புத்தகங்கள் சொல்லும் இன்னொரு வழி, முதன்மைக்கோல் பிரிவிலிருந்து வெர்னியர் பிரிவைக் கழிப்பது. பள்ளி அளவிக்கு அது சரியாக வரும்: 1 − 0.9 = 0.1. ஆனால் இருபது பிரிவு அளவிகள் பலவற்றில் கோடுகள் நெருக்கமாக விழாமல் கண்ணுக்கு எளிதாக இருக்கட்டும் என்று 19 மி.மீ.க்குப் பதிலாக 39 மில்லிமீட்டரை இருபதாகப் பிரித்திருப்பார்கள். அங்கே ஒரு வெர்னியர் பிரிவு 1.95 மி.மீ. கழித்துப் பார்ப்பவருக்கு −0.95 என்ற பொருளற்ற எண் கிடைக்கும். உண்மையில் அந்தப் பிரிவு ஒப்பிடப்படுவது முதன்மைக்கோலின் இரண்டு பிரிவுகளோடு. 2 − 1.95 = 0.05. வகுத்துப் பார்க்கும் வழி இரண்டு வகைக்கும் பொருந்துவதால் அதையே பிடித்துக்கொள்வது நல்லது. ஆனால் வகுப்பதற்கு முன் முதன்மைக்கோலைக் கவனிக்க வேண்டும். சில பழைய அளவிகளில் அரை மில்லிமீட்டருக்கும் கோடு இருக்கும். வெர்னியரில் 25 பிரிவுகள்தான் இருக்கும். 0.5 ÷ 25 என்று அதிலும் 0.02 மி.மீ. வரும். இத்தகைய அளவியில் சுழிக்கோடு அரைக்கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்காமல் விட்டால் விடையில் அரை மில்லிமீட்டர் காணாமல் போகும்.

0.02 அளவியின் வெர்னியர் கோலில் 0 முதல் 10 வரை எண்கள் பொறித்திருக்கும். அவை கோட்டின் வரிசை எண்கள் அல்ல. ஐந்து கோட்டுக்கு ஓர் எண் என்று போட்டிருப்பதால் ஒவ்வோர் எண்ணும் ஒரு பத்தில் ஒரு மில்லிமீட்டரைக் குறிக்கிறது. 4 என்று எழுதிய கோடு உண்மையில் இருபதாவது கோடு. அது சொல்வது 0.40 மி.மீ. அதற்குப் பிறகு மூன்றாவது கோடு சேர்ந்தால் 0.46. இதைத் தெரிந்துகொண்டால் ஒன்று, இரண்டு என்று ஐம்பது கோடுகளையும் எண்ணிப் பெருக்கத் தேவையில்லை. தெரியாதவர் 4-ஐ நான்காவது கோடாக நினைத்து 0.08 என்று எழுதிவிடுவார்.

எந்தக் கோடு சேர்ந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் புதியவர் திணறுவார். 0.02 அளவியில் அடுத்தடுத்த மூன்று நான்கு கோடுகள் எல்லாமே சேர்ந்திருப்பதுபோலத் தோன்றும். அப்போது சேர்ந்த கோட்டைத் தேடாமல் அதன் இரண்டு பக்கத்து அண்டைக் கோடுகளைப் பார்க்க வேண்டும். உண்மையாகச் சேர்ந்த கோட்டுக்கு இடப்புறம் உள்ள வெர்னியர் கோடு தன் இணைக்கோட்டைவிடச் சற்று வலப்பக்கமாக நிற்கும். வலப்புறம் உள்ளது சற்று இடப்பக்கமாக நிற்கும். இரண்டும் நடுக்கோட்டை நோக்கி ஒரே அளவு ஒதுங்கியிருக்கும். ஒரு பக்கத்து ஒதுக்கம் கூடுதலாகத் தெரிந்தால், சேர்ந்த கோடு அடுத்த பக்கத்தில் இருக்கிறது. பார்வை கோட்டுக்கு நேர் மேலிருந்து செங்குத்தாக விழ வேண்டும். வெர்னியர் தகடு முதன்மைக்கோலைவிடச் சற்று மேலே இருப்பதால், சாய்ந்து பார்த்தால் சேரும் கோடு ஒன்றிரண்டு இடம் தள்ளித் தெரியும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வந்தால் கோடுகளின் பள்ளம் நன்றாகத் தெரியும்.

சேர்ந்த கோடு தெரிந்ததும் வேறொரு தவறு காத்திருக்கிறது. அந்தக் கோடு முதன்மைக்கோலின் எந்த எண்ணோடு சேர்ந்தது என்பது அளவில் எங்கும் வராது. முழு மில்லிமீட்டரை எப்போதும் வெர்னியரின் சுழிக்கோட்டுக்கு இடப்புறம் கடைசியாக உள்ள முதன்மைக்கோல் கோட்டிலிருந்து எடுக்க வேண்டும். சுழிக்கோடு 15-ஐத் தாண்டி நிற்க, வெர்னியரின் 47-ஆவது கோடு சேர்ந்திருந்தால் அந்தச் சேர்க்கை முதன்மைக்கோலின் 62-ஆவது மில்லிமீட்டரில் நடந்திருக்கும். 62-க்கும் பொருளின் அளவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அளவு 15 + (47 × 0.02) = 15.94 மி.மீ.

15.94 போன்ற அளவுகள் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். 16 ஆவதற்கு 0.06 மி.மீ.தான் பாக்கி என்பதால் சுழிக்கோடு 16-ஆவது கோட்டின் மேலேயே நிற்பதுபோலத் தோன்றும். அவசரத்தில் 16 என்று எடுத்து 0.94-ஐக் கூட்டினால் 16.94 ஆகிவிடும். இதைத் தடுக்க ஒரு சோதனை உண்டு. வெர்னியரின் கடைசிப் பகுதியில், அதாவது 9-க்குப் பிறகு, கோடு சேர்ந்தால் சுழிக்கோடு அடுத்த மில்லிமீட்டரை இன்னும் தொடவில்லை. 0-க்கும் 1-க்கும் நடுவே சேர்ந்தால் இப்போதுதான் தாண்டியிருக்கிறது. விடையில் சரியாக ஒரு மில்லிமீட்டர் கூடவோ குறையவோ இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த இடத்தைத்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் தாடைகள் மூடியிருக்கும்போது இரண்டு சுழிகளும் சேர்ந்திருக்கும் அளவிக்குப் பொருந்தும். பல அளவிகளில் அவை சேர்வதில்லை. அந்த விலகல்தான் சுழிப்பிழை. அளக்கத் தொடங்குமுன் தாடைகளைச் சுத்தமான துணியால் துடைத்து, மெதுவாக மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். தாடைகளுக்கு இடையே ஒளிக்கீற்று தெரியக்கூடாது. பிறகு கோடுகளைப் படிக்க வேண்டும். திறந்து மூடி மறுபடியும் பார்த்தால் அதே அளவு வர வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு அளவு வந்தால் அது சுழிப்பிழை அல்ல. தாடையில் அழுக்கு இருக்கிறது அல்லது நகரும் பகுதி தளர்ந்திருக்கிறது.

வெர்னியரின் சுழி முதன்மைச் சுழிக்கு வலப்புறம் நின்றால் அது நேர் சுழிப்பிழை. மூன்றாவது கோடு சேர்ந்தால் பிழை +0.06 மி.மீ. தாடைகளுக்கு இடையில் எதுவுமே இல்லாதபோது அளவி 0.06 காட்டுகிறது. எனவே எதை அளந்தாலும் 0.06 கூடுதலாகவே காட்டும். அதைக் கழித்துவிட வேண்டும். இதில் குழப்பம் வருவதில்லை.

எதிர் சுழிப்பிழைதான் மாணவரையும் பட்டறைக்குப் புதிதாக வந்தவரையும் ஒருசேரப் படுத்துகிறது. வெர்னியரின் சுழி முதன்மைச் சுழிக்கு இடப்புறம் போய்விட்டது. சேர்ந்த கோடு 48 என்று வைத்துக்கொள்வோம். 50-லிருந்து 48-ஐக் கழி, மீச்சிற்றளவால் பெருக்கு, கழித்தல் குறி போடு என்று விதி சொல்கிறது: −(50 − 48) × 0.02 = −0.04 மி.மீ. ஏன் கடைசியிலிருந்து எண்ண வேண்டும் என்பதை விதி சொல்வதில்லை. முதன்மைக்கோல் சுழிக்கு இடப்புறமும் நீண்டிருப்பதாகக் கற்பனை செய்தால் காரணம் விளங்கும். அங்கே −1 என்ற ஒரு கோடு இருக்கும். வெர்னியரின் சுழி இப்போது −1-க்கும் 0-க்கும் நடுவில் நிற்கிறது. சுழிக்கு இடப்புறம் கடைசியாக உள்ள கோடு −1. அதோடு வெர்னியர் காட்டும் 48 × 0.02 = 0.96-ஐக் கூட்டினால் −1 + 0.96 = −0.04. எப்போதும் படிக்கும் முறைதான் இங்கும். தனி விதி எதுவும் தேவையில்லை. கடைசியிலிருந்து எண்ணுவது அந்தக் கணக்கின் குறுக்குவழி, அவ்வளவே. இது புரியாமல் 0.96-ஐயே பிழையாக எடுத்துக் கழித்தவருக்கு 15.94 மி.மீ. அளவு 14.98 ஆகிவிடும். இங்கும் தவறு சரியாக ஒரு மில்லிமீட்டர்தான்.

சரியான அளவு = படித்த அளவு − சுழிப்பிழை. பிழைக்கு உரிய குறியோடு கழித்தால் போதும்: 15.94 − (−0.04) = 15.98. சில பாடப்புத்தகங்களில் சுழிப்பிழை, சுழித்திருத்தம் என்று இரண்டு பெயர்கள் வரும். திருத்தம் என்பது குறி மாற்றிய பிழை. அதைக் கூட்ட வேண்டும். பிழையைக் கூட்டுவதும் திருத்தத்தைக் கழிப்பதும் தேர்வுத்தாளில் நாள்தோறும் நடப்பவை. குறி சரிதானா என்று பார்க்கக் கணக்கைவிட யோசனை உதவும். சுழி இடப்புறம் போன அளவி குறைத்துக் காட்டும். ஆகவே திருத்திய விடை படித்ததைவிடப் பெரிதாக இருந்தே ஆக வேண்டும்.

சுழிப்பிழை எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். பள்ளிக்கூடம் இதைப் பற்றிப் பேசுவதில்லை. அளவியில் அளக்கும் உறுப்புகள் மூன்று: பொருளின் வெளிப்புறத்தைப் பிடிக்கும் பெரிய தாடைகள், துளைக்குள் நுழைத்து விரிக்கும் சிறிய கத்தி முனைகள், ஆழம் பார்க்கும் மெல்லிய கம்பி. வெர்னியர் தகடே இடம் பெயர்ந்திருந்தால் மூன்றிலும் ஒரே பிழை வரும். ஆனால் நெடுநாள் உழைத்த அளவியில் எதிர் சுழிப்பிழைக்கு வழக்கமான காரணம் பெரிய தாடைகளின் தேய்மானம். தாடைகள் தேய்ந்ததால் சுழியைத் தாண்டி மூடுகின்றன. உள்முனைகளுக்கு அந்தத் தேய்மானத்தில் பங்கு இல்லை. பெரிய தாடைகளை மூடிப் பார்த்துக் கண்டுபிடித்த பிழையைத் துளையின் அளவுக்கும் போட்டால் சரியாக இருந்த அளவு கெட்டுவிடும். தேய்மானம் குழியாக விழுந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். தேயாத இடங்கள் ஒன்றையொன்று தொட்டு, சுழிகள் சரியாகவே சேரும். ஆனால் மெல்லிய ஊசி ஒன்று அந்தக் குழிக்குள் உட்கார்ந்து குறைந்த அளவு காட்டும். தாடைகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது இந்தக் குழியைக் கண்டுபிடிக்கத்தான்.

கையில் கேஜ் எதுவும் இல்லாத சிறு பட்டறையிலும் ஒரு புதிய பால் பேரிங் இதைச் சோதித்துச் சொல்லிவிடும். 6202 என்ற எண் கொண்ட பேரிங்கின் உள்விட்டம் 15 மி.மீ., வெளிவிட்டம் 35 மி.மீ. இந்த இரண்டு அளவுகளும் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மாறலாம், 0.02 அளவியைச் சோதிக்க அது போதும். அதன் 11 மி.மீ. அகலத்தை நம்பக்கூடாது. அகலம் 0.12 மி.மீ. வரை குறைவதற்கு இடமுண்டு.

இனி ஒரு சிறு பாகத்தை எடுத்துக்கொள்வோம். லேத்தில் கடைந்த பித்தளை புஷ் ஒன்று. வரைபடம் கேட்பது: வெளிவிட்டம் 16 ± 0.05, உள்விட்டம் 12 ± 0.05, நீளம் 20 ± 0.1 மி.மீ. கையில் இருப்பது 150 மி.மீ. வரை அளக்கும் 0.02 அளவி. தாடைகளை மூடினால் 48-ஆவது கோடு சேர்கிறது; சுழிப்பிழை −0.04. புதிய 6202 பேரிங்கின் வெளிவிட்டத்தைப் பெரிய தாடைகளால் பிடித்தால் 34.96 வருகிறது, உள்விட்டத்தை உள்முனைகளால் பார்த்தால் 15.00 வருகிறது. பிழை தகட்டில் இல்லை, பெரிய தாடைகளில்தான் என்பது தெரிந்துவிட்டது.

புஷ்ஷைக் கடைந்த சூட்டோடு அளக்கக்கூடாது. பித்தளை ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 19 பங்கு விரியும். 16 மி.மீ. விட்டத்துக்கு 60 டிகிரி கூடுதல் சூடு இருந்தால் கிட்டத்தட்ட 0.02 மி.மீ. பெருத்திருக்கும்; அது அளவியின் முழு மீச்சிற்றளவு. ஆறிய பிறகு அறை வெப்பத்தின் ஏற்ற இறக்கம் இந்த அளவுள்ள பாகத்தில் பொருட்படுத்தத் தக்கதல்ல.

முதலில் வெளிவிட்டம். புஷ்ஷைத் தாடைகளின் நுனியில் பிடிக்காமல் முதன்மைக்கோலை ஒட்டி உள்ளே தள்ளிப் பிடிக்க வேண்டும். அளவியில் பொருள் ஒரு கோட்டிலும் அளவுகோல் வேறொரு கோட்டிலும் இருப்பதால், நுனியில் அழுத்தினால் நகரும் தாடை இம்மியளவு சாய்ந்து அளவைக் குறைத்துக் காட்டும். அளக்கப்படும் நீளமும் அளவுகோலும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்று ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் அபே 1890-ல் வகுத்த விதியை மீறிப் பிறந்த கருவி இது. மைக்ரோமீட்டர் அந்த விதிக்கு உட்பட்டது. அதன் நம்பகத்துக்கு அதுவும் ஒரு காரணம். கட்டைவிரலால் லேசாக அழுத்தி, புஷ்ஷைத் தாடைகளுக்குள் மெல்ல அசைத்து, மிகக் குறைந்த அளவு வரும் நிலையில் நிறுத்த வேண்டும். அச்சுக்குச் சாய்வாகப் பிடித்தால் அளவு கூடித்தான் வரும். படிக்க வசதியில்லையென்றால் மேலே உள்ள திருகை முடுக்கிவிட்டு வெளியே எடுத்துப் படிக்கலாம். திருகை முடுக்கும்போதே தாடை நகர்ந்துவிடுவதுண்டு என்பதால், கூடுமானவரை பொருள் தாடையில் இருக்கும்போதே படிப்பது நல்லது.

ஒரு முனைக்கு அருகே சுழிக்கோடு 15-ஐத் தாண்டியிருக்கிறது; 9 என்ற எண்ணுக்குப் பிறகு இரண்டாவது கோடு சேர்கிறது. படித்த அளவு 15.94. நடுவில் 15.96. மறுமுனையில் 15.98, இங்கே சுழிக்கோடு 16-ஐ உரசிக்கொண்டு நிற்பதால் 16.98 என்று எழுதிவிடாமல் கவனமாக இருக்க வேண்டும். மூன்றிலும் −0.04-ஐக் கழித்தால் 15.98, 16.00, 16.02 மி.மீ. சுழிப்பிழையைப் பார்க்காதவர் முதல் முனையின் 15.94-ஐக் கண்டு, 15.95-க்குக் கீழே போய்விட்டது என்று நல்ல புஷ்ஷைக் குப்பையில் போட்டிருப்பார்.

பள்ளி ஆய்வகத்தில் மூன்று அளவுகளைக் கூட்டிச் சராசரி எடுத்து 16.00 என்று எழுதி முடித்துவிடுவார்கள். பட்டறைக்கு அந்தச் சராசரியால் பயனில்லை. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்து அளவுகள் சிதறினால் சராசரி எடுக்கலாம். இங்கே அளந்தவை மூன்று வெவ்வேறு இடங்கள். அளவு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒழுங்காக ஏறுகிறது. மறுபடி அளந்தாலும் அப்படியே வந்தால், புஷ் உருளையாக இல்லாமல் லேசாகக் கூம்பியிருக்கிறது. லேத்தில் சரிசெய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. சராசரி அதை மறைத்துவிடும்.

நீளத்தைப் பெரிய தாடைகளால் அளந்தால் முதல் முறை 20.14 வருகிறது. கடைசல் உளி விட்டுச்சென்ற பிசிறு முனையில் ஒட்டியிருக்கிறது. விரலால் தடவினால் சுரசுரப்பு தெரியும். நுண் அரத்தால் பிசிறை எடுத்துவிட்டு அளந்தால் 20.02. திருத்திய நீளம் 20.06, வரம்புக்குள் இருக்கிறது. பெரிய தாடைகளைப் பயன்படுத்தியதால் இங்கும் அதே திருத்தம்தான்.

துளைக்கு உள்முனைகளை நுழைத்து விரிக்க வேண்டும். குறுக்காக அசைத்தால் துளையின் நடுவில் மிகப் பெரிய அளவு வரும். முனைகள் நடுவிலிருந்து விலகினால் அளவு குறையும். அச்சு வழியே சாய்த்தாலோ அளவு கூடும். ஆகவே ஒரு திசையில் பெரிய அளவையும் மற்ற திசையில் சிறிய அளவையும் தேடி நிறுத்த வேண்டும். பார்த்தால் சுழிக்கோடு 12-ஐத் தாண்டியிருக்கிறது. இரண்டாவது கோடு சேர்கிறது. அளவு 12.04. பெரிய தாடைகளின் பிழையை இங்கும் போடுபவருக்கு 12.08 கிடைக்கும், புஷ் தேறாது. உள்முனைகளில் பிழை இல்லை என்று பேரிங் ஏற்கெனவே சொல்லிவிட்டதால் 12.04-ஐ அப்படியே எழுத வேண்டும்.

எழுதலாம், ஆனால் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மீச்சிற்றளவு 0.02 என்பது அளவி எவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் என்பதைத்தான் சொல்கிறது. எவ்வளவு சரியாகக் காட்டும் என்பது வேறு. இந்த அளவுள்ள நல்ல அளவிகளுக்கே 0.03 மி.மீ. வரை பிழை இருக்க இடம் கொடுப்பது வழக்கம். வெளிவிட்டத்தின் மூன்று அளவுகளும் இரண்டு பக்கமும் 0.03 விட்டுக்கொடுத்தாலும் 15.95-க்கும் 16.05-க்கும் உள்ளேயே நிற்கின்றன, அவற்றை ஏற்கலாம். துளையின் 12.04 அப்படி நிற்கவில்லை. 0.01 கூடினாலே வரம்பின் விளிம்புக்குப் போய்விடும். அதோடு உள்முனைகள் முழுக் கூர்மையானவை அல்ல. சற்றே தட்டையான அவை சிறு துளையின் வளைவில் முழுதாக ஒட்டாததால், உண்மையைவிடக் குறைத்துக் காட்டும் பக்கம்தான் சாயும். துளை சிறிதாகச் சிறிதாக இந்தக் குறை கூடும். பிளக் கேஜ் வைத்திருப்பவர் இந்தத் துளையை அதனால்தான் சோதிப்பார். கேஜின் ஒரு முனை 11.95, மறுமுனை 12.05, முதல் முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக்கூடாது.

வரைபடத்தில் ± 0.05 என்பதற்குப் பதிலாக H7 என்று எழுதியிருந்தால் துளையின் விஷயத்தில் அளவிக்கு வேலையே இல்லை. 12 மி.மீ. துளைக்கு H7 அனுமதிக்கும் மொத்த வேறுபாடு 0.018 மி.மீ. அது இந்த அளவியின் ஒரு கோட்டு இடைவெளியைவிடக் குறைவு.